பட்டினியின் பின் முதற் கவளம்



பசித்து வந்தவனுக்கு வயிறார உணவிடுவது அறம் என்று நாம் வழிவழியாகக் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். ஒரு வேளை உண்ணாதவனுக்கும், இரண்டொரு நாள் விரதம் இருந்தவனுக்கும் அந்த அறத்தை எவ்வித ஐயமும் இன்றிச் செய்யலாம். ஆனால் வாரக்கணக்கில் உணவின்றி, எலும்பும் தோலுமாய் மெலிந்துவிட்ட ஒருவனுக்கு அதே அன்போடு நாம் நிறைய உணவு படைப்போமாயின், அந்த உணவே அவன் உயிரைக் கொண்டுபோகக் கூடும். பட்டினி கொல்லாது விட்டவனைச் சோறு கொல்லும் என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். அது எவ்வாறு நிகழ்கின்றது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம்.

இச்செய்தி புதியதன்று. கி.பி. 70 ஆம் ஆண்டில் உரோமானியர் எருசலேம் நகரை முற்றுகையிட்டபோது, நகரினுள்ளே கொடிய பஞ்சம் நிலவியது. அங்கிருந்து தப்பி உரோமானியரின் பாசறைக்கு வந்தவர்களைப் பற்றி யொசேபசு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கின்றார். வெறும் வயிற்றை ஆவலோடு நிரப்பிக்கொண்டவர்கள் மாண்டனர் என்றும், தம்மை அடக்கிக்கொண்டு, உணவை மறந்துபோன உடம்புக்குச் சிறிது சிறிதாக ஊட்டியவர்கள் பிழைத்தனர் என்றும் அவர் கூறுகின்றார். வயிறு வெடித்து இறந்தனர் என்பது அவர் கண்ட விளக்கம். உண்மைக் காரணம் வயிற்றில் அன்று, குருதியிலே இருந்தது என்பதை அறிவதற்கு மனிதகுலத்துக்குப் பத்தொன்பது நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

அந்த அறிவுக்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று 1945 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் நடந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் 15 ஆம் நாள் பிரித்தானியப் படையினர் பேர்கன்-பெல்சன் என்னும் தடுப்பு முகாமினுள் நுழைந்தனர். அங்கே ஏறத்தாழ அறுபதாயிரம் மனிதர் உயிரோடிருந்தனர். அடக்கம் செய்யப்படாத பிணங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. கண்ட காட்சியில் மனமுருகிய போர்வீரர்கள் தம் கையிலிருந்த உணவையெல்லாம் எடுத்துக் கொடுத்தனர். தகரத்தில் அடைத்த இறைச்சி, கொழுப்பு மிகுந்த குழம்பு முதலான படையுணவு அது. கொடுத்தவர் நெஞ்சில் இரக்கமன்றி வேறொன்றும் இருக்கவில்லை. ஆயினும் அதனை உண்டவர்களுட் பலர் கடும் வயிற்றோட்டத்துக்கு ஆளாகி, ஓரிரு நாட்களில் மாண்டுபோயினர். விடுதலை கிடைத்த பின்னரும் அம்முகாமில் ஏறத்தாழப் பதினாலாயிரம் பேர் இறந்தனர். தைபசு காய்ச்சலும் காசநோயும் பட்டினியின் முற்றிய நிலையும் அவற்றுட் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமாயிருந்தன. எத்தனை பேரை உணவு கொன்றது என்று பிரித்துச் சொல்லுதல் இயலாது. ஆனால் உணவும் ஒரு காரணம் என்பதை அங்கிருந்த வைத்தியர்கள் கண்ணாரக் கண்டனர்.

அதன்பின் அவர்கள் செய்தவை நாம் கவனிக்கத்தக்கவை. முதலில் வங்காளப் பஞ்சக் கலவை எனப்படும் ஒன்றைக் கொடுத்தனர். 1943 ஆம் ஆண்டு வங்காளத்தில் இலட்சக்கணக்கானோரை மாய்த்த பஞ்சத்தின்போது பயன்பட்டமையால் அதற்கு அப்பெயர். பால்மா, சீனி, மா, உப்பு ஆகியவற்றை நீரிற் கரைத்து ஆக்கியது அது. பெல்சனில் இருந்தவர்களுக்கு அதன் தித்திப்புத் தாங்க முடியாததாக இருந்தது. பலர் குடிக்க மறுத்தனர். அடுத்து, புரதத்தை முன்கூட்டியே சிதைத்துச் செய்த கரைசலை ஊசிமூலம் குருதியிற் செலுத்த முயன்றனர். தடுப்பு முகாம்களில் வைத்தியர் என்ற பெயரில் இருந்தோர் ஊசியாற் செய்த கொடுமைகளை அறிந்திருந்த அந்த மக்கள், ஊசியைக் கண்டதும் அலறி ஒதுங்கினர். இறுதியில், டாக்டர் ஜனற் வோகன் என்னும் அம்மையாரின் தலைமையில் அங்கு சென்ற ஆராய்ச்சிக் குழுவினர் கண்ட முடிவு மிக எளியதாக இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலைச் சிறு சிறு அளவாக, அடிக்கடி, வாய்வழியே ஊட்டுவதே எல்லாவற்றிலும் சிறந்தது என்பதே அம்முடிவு. இலண்டன் மாநகரிலிருந்து வந்த ஏறத்தாழ நூறு வைத்திய மாணவர்கள் படுக்கை படுக்கையாகச் சென்று அவ்வாறு ஊட்டினர்.

பால் ஏன் நன்மை செய்தது? இறைச்சிக் குழம்பும் சீனிக் கரைசலும் ஏன் தீமை செய்தன? இதற்கு விடை காண, பட்டினி கிடக்கும் உடம்பினுள்ளே நடப்பது யாதென்று சற்றுப் பார்க்க வேண்டும்.

உணவு நின்ற முதல் நாளில், ஈரலிலே சேமித்து வைத்திருந்த மாச்சத்தை உடம்பு செலவிடுகின்றது. அந்தச் சேமிப்பு ஒரு நாளளவில் தீர்ந்துவிடும். பின்னர் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழத் தொடங்குகின்றது. செலவைக் குறைப்பதற்காக எல்லா உறுப்புகளும் தம் வேலையை மெதுவாக்கிக்கொள்கின்றன. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50க்கும் கீழே இறங்கக் கூடும். உடற்சூடு தணிகின்றது. இதயமும் தசையாலான உறுப்பே ஆகையால், கைகால்கள் மெலிவதுபோல் அதுவும் மெலிகின்றது. இந்நாட்களில் இன்சுலின் என்னும் சுரப்பு மிகக் குறைந்திருக்கும். ஏனெனில் அது சீனியைக் கலங்களுக்குள் அனுப்பும் வாயிற்காவலன். அனுப்புவதற்குச் சீனியில்லாதபோது காவலனுக்கு வேலையில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் மறைவாக நடந்துகொண்டிருக்கின்றது. கலங்களுக்குள்ளே இருக்க வேண்டிய மூன்று உப்புச் சத்துக்கள் சிறிது சிறிதாகக் கசிந்து சிறுநீரோடு வெளியேறுகின்றன. பொசுபேற்று, பொற்றாசியம், மகனீசியம் என்பன அவை. ஆனால் குருதியைச் சோதித்துப் பார்த்தால் அவற்றின் அளவு பெரும்பாலும் சரியாகவே காணப்படும். களஞ்சியம் காலியாகிக்கொண்டிருக்கும்போதும் கடையின் முன்றட்டில் பண்டம் நிறைந்திருப்பது போன்ற தோற்றம் அது. எனவே முதல் நாட் சோதனையைக் கண்டு குறையொன்றுமில்லை என்று எண்ணுபவர் ஏமாறுவார்.

இப்போது அந்த உடம்புக்குத் திடீரென்று சோறும் சீனியும் பழச்சாறும் நிறையக் கொடுக்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். குருதியிற் சீனி ஏறுகின்றது. உறங்கிக் கிடந்த இன்சுலின் பெருகிச் சுரக்கின்றது. சீனி கலங்களுக்குட் பாய்கின்றது. சீனியை எரித்துச் சக்தியாக்குவதற்குக் கலங்களுக்குப் பொசுபேற்று இன்றியமையாதது. ஆகவே, குருதியில் எஞ்சியிருந்த சிறிதளவு பொசுபேற்றையும் அவை இழுத்துக்கொள்கின்றன. பொற்றாசியமும் மகனீசியமும் கூடவே உள்ளே போகின்றன. களஞ்சியத்திலிருந்து ஈடு செய்வதற்கோ ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாட்களுக்குள் குருதியில் இவற்றின் அளவு சரிந்து விழுகின்றது.

நெடுநாள் மூடிக்கிடந்த ஒரு நெல்லாலையை எண்ணிப் பாருங்கள். திறந்த அன்றே நூறு வண்டி நெல்லைக் கொணர்ந்து கொட்டுகின்றோம். பொறிகள் முழு வேகத்திற் சுழலத் தொடங்குகின்றன. ஆனால் பொறிக்கு இடுவதற்கு எண்ணெய் ஒரு போத்தல்தான் இருக்கின்றது. நெல் பற்றாமையால் அந்த ஆலை நிற்கவில்லை. எண்ணெய் பற்றாமையால் பொறி இறுகி உடைகின்றது. பட்டினி கிடந்த உடம்புக்குப் பொசுபேற்று அந்த எண்ணெய்.

பொசுபேற்று வீழ்ந்தால் முதலிற் சோர்வது ஓயாமல் உழைக்கும் தசைகளே. மூச்சை இழுக்கும் தசை களைத்துப்போகின்றது. இதயத்தின் வலிமை குன்றுகின்றது. பொற்றாசியமும் மகனீசியமும் குறைவதால் இதயத்தின் தாளம் தவறுகின்றது. அது திடீரென நின்றுவிடவும் கூடும். இதற்குமேல், பெருகிய இன்சுலின் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியே விடாது தடுக்கச் செய்கின்றது. மெலிந்த இதயத்தின்மேல் நீரின் சுமையும் ஏறுகின்றது. கணுக்கால் வீங்குகின்றது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகின்றது.

நான்காவதாக ஒரு பொருளையும் குறிப்பிட வேண்டும். அது உயிர்ச்சத்து பி ஒன்று எனப்படும் தயமின். சீனியை எரிப்பதற்கு இதுவும் தேவை. உடம்பிலே இது இரண்டு மூன்று வாரங்களுக்கு மேற் சேமிப்பில் இருப்பதில்லை. தயமின் குறைவால் வரும் பெரிபெரி என்னும் நோயை அரிசி உண்ணும் நாட்டவராகிய நாம் பெயரளவிலேனும் அறிவோம். அப்பெயரே சிங்களச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது என்று பலர் கூறுவர். தயமின் வற்றிய ஒருவருக்குச் சீனி மிகுதியாகச் சேரும்போது, எஞ்சியிருந்த சிறிதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண்கள் நேரே நில்லாது அலையும்; நடை தள்ளாடும்; அறிவு தடுமாறும். உடனே தயமின் கொடாவிடின் ஞாபகசக்தி நிலையாகக் கெட்டுவிடும். ஆகையினாற்றான், நெடும் பட்டினி கிடந்தவருக்குக் குளுக்கோசுக் கரைசலை ஏற்றுமுன் தயமினை ஏற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர். ‘ஒரு சேலைன் போத்தல் ஏற்றிவிட்டாற் சரியாகிவிடும்’ என்று நம்மவர் கேட்டு வாங்கும் வழக்கம் இவ்விடத்திற் பெருந்தீங்காக முடியலாம்.

இவையனைத்தும் சேர்ந்த நிலையை மறுபோசணை நோய்த்தொகுதி என்று நாம் தமிழிற் சொல்லலாம். இது பஞ்சத்திலும் போரிலும் மாத்திரம் வருவதன்று. 1981 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நெடுங்காலம் மெலிந்திருந்த நோயாளர் இருவருக்கு, நல்லெண்ணத்தோடு, நாளங்களின் வழியாகப் பெருமளவு போசணைக் கரைசல் ஏற்றப்பட்டது. அவ்விருவரும் பொசுபேற்று வீழ்ச்சியடைந்து, இதயமும் மூச்சும் தளர்ந்து இறந்தனர். வைத்தியசாலையில், எல்லா வசதிகளுக்கும் நடுவே நடந்த மரணங்கள் அவை. அதன் பின்னரே இந்த ஆபத்து உலகெங்கும் வைத்தியரின் கவனத்தை ஈர்த்தது.

இனி, சிகிச்சை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகின்றேன். இவர் உண்மையான நோயாளரல்லர்; விளக்கத்துக்காக நாமே மனத்தில் அமைத்துக்கொள்ளும் ஒருவர். நடுத்தர வயதுடைய ஒரு பெண்மணி. உயரம் 165 சென்ரிமீற்றர். முன்பு 60 கிலோகிராம் நிறையுடையவராக இருந்தார். உணவுக்குழாயில் ஏற்பட்ட அடைப்பினால் சில மாதங்களாகச் சரிவர உண்ண முடியவில்லை. கடைசிப் பன்னிரண்டு நாட்களாக வெறுந்தேநீரும் தண்ணீருமே உள்ளே சென்றன. இப்போது அவருடைய நிறை 40 கிலோகிராம். வைத்தியசாலையில் அடைப்பை விரித்துவிட்டார்கள். இனி அவர் விழுங்கலாம். வீட்டார் மகிழ்ச்சியோடு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து காத்திருக்கின்றனர்.

வைத்தியர் முதலில் மூன்று வினாக்களைக் கேட்கின்றார். நிறை எவ்வளவு குறைந்தது? மூன்றில் ஒரு பங்கு. உயரத்துக்கு இப்போதைய நிறை போதுமா? கிலோகிராமில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்தால் 15க்குச் சற்றுக் குறைவாக வருகின்றது. 16க்குக் குறைந்தாலே ஆபத்து மிகுதி. எத்தனை நாளாக உணவில்லை? பன்னிரண்டு நாள், பத்து நாளைக் கடந்தாலே எச்சரிக்கை வேண்டும். இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். இவரிடமோ மூன்றும் இருக்கின்றன. ஆகவே அவர் ஊட்டுவதற்கு முன் குருதியைச் சோதிக்கின்றார். இதயத்தின் துடிப்பை வரைந்து பார்க்கின்றார். தயமினை ஊசிமூலம் கொடுக்கின்றார். அதன் பின்பே முதற் கவளம்.

எவ்வளவு கொடுப்பது? பிரித்தானிய வைத்தியர்கள் 2006 ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, இத்தகைய நோயாளருக்கு முதல் நாளில் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 கலோரிக்கு மேற்படக் கூடாது. 40 கிலோகிராமுக்கு 400 கலோரி. இதனிலும் மோசமாக மெலிந்தவருக்கு அதிலும் பாதி. நானூறு கலோரி என்பது ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் பசுப்பால். அதனை எட்டுப் பங்காக்கி மூன்று மணிக்கு ஒருமுறை கொடுத்தால், ஒரு வேளைக்கு 75 மில்லிலீற்றர். ஒரு சிறிய தேநீர்க் கோப்பையில் பாதி. பார்ப்பவருக்கு இது கருமித்தனமாகவே தோன்றும். ஆனால் பாலிலே சீனிச்சத்து மிதமாகவும் பொசுபேற்று நிறைவாகவும் இருக்கின்றது. நெல்லோடு எண்ணெயையும் சேர்த்துக் கொணரும் வண்டி அது. பெல்சனில் பால் வெற்றி பெற்றதன் இரகசியத்தில் ஒரு பங்கு இதுவே. பால் ஒவ்வாது வயிற்றோட்டம் கண்டால் வேறு ஆகாரத்துக்கு மாற்றுவார்கள்.

நம் வீடுகளிற் காய்ச்சிக் கொடுக்கும் அரிசிக் கஞ்சியைப் பற்றி நேயர்கள் கேட்கலாம். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சி நல்லதே. ஆனால் தீட்டிய பச்சையரிசியில் வடித்த கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்து. தயமின் தவிட்டோடு போய்விட்டது, பொசுபேற்றும் குறைவு. நெடும் பட்டினியின் பின், அதை மாத்திரம் கோப்பை கோப்பையாகக் கொடுப்பது சீனித் தண்ணீர் கொடுப்பதற்கு அதிக வேறுபாடுடையதன்று. மென்மையான உணவு வேறு. ஆபத்தற்ற உணவு வேறு.

நம் பெண்மணியின் கதைக்குத் திரும்புவோம். முதல் நாள் 400 கலோரி. இரண்டாம் நாள் 500. அன்று மாலை அவரைப் பார்க்க வந்த உறவினர் மனம் பொறாமல், தாதியர் அறியாதபடி ஒரு போத்தல் சர்க்கரைப் பானமும், நெய்யூற்றிப் பிசைந்த சோறும் கொடுத்துவிட்டுச் செல்கின்றார். மறுநாட் காலையிலும் அப்படியே. மூன்றாம் நாள் நண்பகலில் நிறை பார்த்தபோது 41.8 கிலோகிராம். மூன்று நாளில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஏறிவிட்டதென்று வீட்டார் அகமகிழ்கின்றனர். வைத்தியரின் முகமோ வாடுகின்றது.

ஏன்? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ நிறை உண்மையாகச் சேர வேண்டுமாயின், செலவு போக மேலதிகமாக ஏறத்தாழ 7000 கலோரி தேவை. 1.8 கிலோவுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். கள்ளமாகக் கொடுத்ததையும் சேர்த்து அந்த அம்மையார் உண்டது மூவாயிரத்தைத் தாண்டாது. அதனையும் உடம்பு செலவிட்டிருக்கும். அப்படியானால் ஏறிய நிறை தசையுமன்று, கொழுப்புமன்று. அது நீர். பெருகிய இன்சுலின் தடுத்து வைத்த நீர். இதயம் சுமக்க மாட்டாத நீர்.

வைத்தியர் கணுக்காலை விரலால் அழுத்துகின்றார். குழி விழுந்து அப்படியே நிற்கின்றது. நாடியைப் பார்க்கின்றார். வந்த நாளில் 52 ஆக இருந்தது, படுக்கையில் அசையாதிருக்கும்போதே 104 ஆகியிருக்கின்றது. பட்டினியால் மெதுவாகியிருந்த நாடி, ஓய்விலிருக்கும்போதே இரட்டிப்பாவது உடம்பு தேறுவதன் அறிகுறியன்று. இதயம் திணறுவதன் அறிகுறி. குருதியில் பொசுபேற்று முதல் நாள் சரியான அளவில் இருந்தது, இப்போது அதில் மூன்றில் ஒரு பங்காக விழுந்திருக்கின்றது. நோயாளி கை தூக்கவும் சோர்வாயிருக்கின்றதென்றும் மூச்சு வாங்குகின்றதென்றும் சொல்லுகின்றார்.

செய்ய வேண்டியவை ஒழுங்காகச் செய்யப்படுகின்றன. உணவை முற்றாக நிறுத்தவில்லை, பாதியாகக் குறைக்கின்றனர். பொசுபேற்றை நாளத்தின் வழியாக மெதுவாக, சில மணி நேரம் எடுத்து ஏற்றுகின்றனர். விரைந்து ஏற்றினால் குருதியிலுள்ள கல்சியம் வீழ்ந்துவிடும். பொற்றாசியமும் மகனீசியமும் ஈடு செய்யப்படுகின்றன. மகனீசியம் குறைந்திருக்குமட்டும் பொற்றாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிலைத்து நில்லாது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். தயமின் தொடர்கின்றது. இதயத் துடிப்பைக் காட்டும் கருவி இரவும் பகலும் கட்டிலருகே இருக்கின்றது. இரண்டு நாளில் நாடி 80க்கு இறங்குகின்றது; வீக்கம் வடிகின்றது; நிறை 40.5க்குக் குறைகின்றது. நிறை குறைந்ததைக் கண்டு இம்முறை மகிழ்பவர் வைத்தியர். அதன்பின் உணவு படிப்படியாகக் கூட்டப்பட்டு, இன்னும் ஒரு வாரத்தில் நாளொன்றுக்கு 1200 கலோரியை எட்டுகின்றது. அதற்கு மேற்றான் உண்மையான தேறுதல் தொடங்கும். அக்காலத்திலும் வாரம் ஒன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏறினாற் போதும்.

நேயர்களே, இக்கதையிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆபத்தான நாட்களில் அவருக்குப் பசி திரும்பியிருந்தது, முகத்திற் களையும் வந்திருந்தது, நிறையும் ஏறியது. வீட்டிலே இருந்திருந்தால், ஐயப்படுவதற்கு எவருக்கும் காரணமே இருந்திராது. குருதிச் சோதனையும், நாள்தோறும் எடுக்கும் நிறையும், மணிக்கு மணி பார்க்கும் நாடியுமே உண்மையைக் காட்டின. இச்சிகிச்சைக்கு வைத்திய மேற்பார்வை வேண்டும் என்பதன் பொருள் இதுதான். முதற் பத்து நாட்களில், அவற்றினுள்ளும் முதல் ஐந்து நாட்களில், இந்தக் காவல் மிக அவசியமானது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, உணவே ஆபத்தென்று எண்ணி, மெலிந்தவரைப் பட்டினி போடுதல் இன்னொரு பிழை. மிகக் குறைவாக, மிக மெதுவாக ஊட்டியமையாலும் நோயாளர் இறந்ததுண்டு. பத்துக் கலோரி என்னும் அளவு எல்லாருக்கும் எழுதப்பட்ட விதியுமன்று. மனநோயின் காரணமாக உண்ண மறுத்து மெலிந்த இளம் பருவத்தினருக்கு, நாள்தோறும் குருதி பார்க்கக்கூடிய வைத்தியசாலைகளில், இப்போது தொடக்கத்திலேயே அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றனர்; ஏற்றத்தைக் கண்காணிப்போடு இணைத்திருப்பதால் அது அவர்களுக்குப் பொருந்துகின்றது. சிறு குழந்தைகளின் கணக்கு முற்றிலும் வேறு. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த முதற்கட்டப் பாலில், நூறு மில்லிலீற்றருக்கு 75 கலோரி இருக்கும். அதனை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பி, கொடுக்க வேண்டும். குழந்தைக்குப் பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பின்பே செறிவான பாலுக்கு மாற்றுவார்கள். பெரியவரின் அளவைக் குழந்தைக்கோ, ஒரு நோயாளரின் அளவை வேறொருவருக்கோ வீட்டிலிருந்து கணக்கிடுதல் ஆகாது.

அப்படியாயின் வீட்டிலுள்ளவர் செய்யத்தக்கது யாது? ஐந்து நாட்களுக்கு மேலாக ஒருவர் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதிருந்தால், அல்லது சில மாதங்களில் அவரது நிறை வெகுவாகக் குறைந்திருந்தால், பெரிய உணவு எதனையும் கொடுக்குமுன் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடலில் வழிதவறி நாட்கணக்கில் மிதந்து கரை சேர்ந்தவராயினும், உண்ணாநோன்பு இருந்து முடித்தவராயினும், மதுவுக்கு அடிமையாகி உணவை மறந்தவராயினும், புற்றுநோயால் விழுங்க முடியாது வாடியவராயினும் இதுவே முறை. வழியிலே தாகத்துக்கு நீர் கொடுக்கலாம். சிறிது பாலை மெல்ல மெல்லப் பருகக் கொடுக்கலாம். இனிப்புப் பானங்களைக் குடம் குடமாக ஊற்ற வேண்டாம். வைத்தியரைக் கண்டதும், எத்தனை நாளாக உணவில்லை, முன்பு நிறை எவ்வளவு, மதுப் பழக்கம் உண்டா என்பவற்றை முதலிலேயே சொல்லுங்கள். நோயாளர் பேச முடியாதிருக்கும்போது, அந்தச் செய்தியை வேறெந்தக் கருவியும் வைத்தியருக்குச் சொல்லாது. வைத்தியசாலையில் சேர்த்த பின், தாதியார் அளந்து கொடுப்பது எவ்வளவு சொற்பமாகத் தோன்றினும், அவருக்கு அறிவியாமல் ஒரு வாய் கூடக் கொடாதீர்கள். கொடுத்துவிட்டீர்களாயின் அதனை மறைக்காது சொல்லிவிடுங்கள். மறைத்த ஒரு கோப்பைப் பானம் வைத்தியரின் கணக்கு முழுவதையும் பிழையாக்கிவிடும். வீட்டுக்குத் திரும்பிய பின்னரும், கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நிறை ஓரிரு நாளிற் சட்டென ஏறினாலோ உடனே திரும்பிச் செல்லுங்கள்.

பெல்சன் முகாமில் தம் உணவை எடுத்துக் கொடுத்த அந்தப் போர்வீரர்கள் நல்லவர்கள். நம் உதாரணத்தில் சோறு பிசைந்து கொடுத்த உறவினரும் நல்லவர். அவர்களிடம் குறைந்திருந்தது அன்பன்று. அரைக் கோப்பைப் பாலோடு மூன்று மணி நேரம் காத்திருக்கும் பொறுமையும், அப்படிக் காத்திருப்பதே உயிர்காக்கும் உணவு என்னும் அறிவுமே. அந்த அறிவை உங்கள் வீட்டாரோடும் அயலாரோடும் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டு, விடைபெறுகின்றேன்.